நடுவில் நிற்கும் எண்

சேலத்திலிருந்து பணிமாற்றம் பெற்ற ஒருவர், தம் குடும்பத்துடன் பெங்களூருவில் குடியேற வேண்டியிருந்தது. அல்சூர் ஏரிக்கு அருகில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு ஒன்றைத் தேடினார். வீட்டுத் தரகர் ஒருவர், "மாத வாடகை 45,000 ரூபாய். இன்று மாலைக்குள் முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் வேறொருவர் வந்துவிடுவார்" என்று அவசரப்படுத்தினார்.

அந்த வாடகை நியாயமானதுதானா என்று அறிய விரும்பிய தந்தை, அதே பகுதியில் விளம்பரம் செய்யப்பட்டிருந்த ஒன்பது வீடுகளின் வாடகையைக் குறித்துக்கொண்டார். அவை ரூபாயில் வருமாறு: 30,000, 26,000, 34,000, 3,00,000, 28,000, 36,000, 31,000, 29,000, 32,000. இவற்றைக் கூட்டினால் 5,46,000 வரும். அதனை ஒன்பதால் வகுத்தார். சராசரி ஏறத்தாழ 60,667 ரூபாய். "சராசரியைவிடப் பதினையாயிரம் குறைவாக அல்லவா கேட்கிறார்!" என்று மகிழ்ந்து, பணம் கொடுக்கப் புறப்பட்டார்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, சற்றுப் பொறுங்கள். இந்த ஒன்பது வீடுகளில் எட்டின் வாடகை 36,000 ரூபாயைத் தாண்டவில்லை. அப்படியிருக்கச் சராசரி மட்டும் எப்படி 60,000 ரூபாய்க்கு மேல் போனது?"

"கணக்கில் பிழை இல்லையே அம்மா. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்."

"கூட்டலில் பிழை இல்லை அப்பா. கூட்டிய எண்களுள் ஒன்றுதான் ஐயத்திற்குரியது."

மகள் அந்த ஒன்பது எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி எழுதினாள்: 26,000, 28,000, 29,000, 30,000, 31,000, 32,000, 34,000, 36,000, 3,00,000. ஐந்தாவதாக நின்ற 31,000 என்னும் எண்ணைச் சுற்றி வட்டமிட்டாள். அதற்கு முன்னும் நான்கு எண்கள். பின்னும் நான்கு எண்கள். இவ்வாறு வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணையே கணிதத்தில் இடைநிலை அளவு என்பர்.

பின்பு, மூன்று லட்சம் என்றிருந்த விளம்பரத்திற்கு உரியவரைத் தந்தை தொலைபேசியில் அழைத்தார். உண்மை வெளிப்பட்டது. பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். அந்த வீட்டின் வாடகை 30,000 ரூபாய். முன்பணம் 3,00,000 ரூபாய். வாடகைக்குரிய இடத்தில் முன்பணத்தைத் தவறுதலாக எழுதிவிட்டனர்.

திருத்திய எண்ணைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது சராசரி 30,667 ரூபாயாகக் குறைந்தது. இடைநிலை அளவோ 31,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாக மட்டுமே மாறியது. ஒரே ஒரு பிழை, சராசரியை இருமடங்காக்கியிருந்தது; இடைநிலை அளவை ஆயிரம் ரூபாய் அளவிற்கே அசைத்திருந்தது.

இதற்குக் காரணம் என்ன? சராசரி காண்கையில் ஒவ்வோர் எண்ணின் முழு மதிப்பும் கூட்டலில் சேர்கிறது. எனவே, ஓர் எண் எவ்வளவு தொலைவில் விலகி நிற்கிறதோ, அவ்வளவு வலிமையாகச் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. மூன்று லட்சத்திற்குப் பதிலாக முப்பது லட்சம் என்று எழுதியிருந்தால், சராசரி 3,60,667 ரூபாயாகியிருக்கும். இடைநிலை அளவு காண்கையில், அந்த எண் நடுவிற்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பது மட்டுமே கருதப்படுகிறது. மூன்று லட்சமானாலும் முப்பது லட்சமானாலும் அது வரிசையின் கடைசியில்தான் நிற்கும். நடுவில் நிற்கும் 31,000 மாறாது.

எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், நடுவில் இரண்டு எண்கள் நிற்கும். அவ்விரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்தல் வேண்டும். திருத்துவதற்கு முந்தைய பட்டியலில், விடுதி ஒன்றில் ஒரு கட்டிலுக்கு மட்டும் உரிய 9,000 ரூபாயும் பத்தாவதாகக் கலந்துவிட்டது எனக் கொள்வோம். அப்போது நடுவில் நிற்பவை 30,000, 31,000. இடைநிலை அளவு 30,500 ரூபாய். மேலும் கீழும் ஒவ்வொரு தவறான எண் இருந்தும், அது உண்மை நிலைக்கு அருகிலேயே இருக்கிறது.

இக்கருத்தை ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழில் எழுதினார். பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், எருது ஒன்றின் இறைச்சி எவ்வளவு எடையிருக்கும் என ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளை ஆராய்ந்த கால்டன், நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு என்று கண்டார். அவர் குறித்த உண்மையான எடை 1,198 பவுண்டு. சராசரியை ஏற்றால், மிகப் பொருந்தாத விடை கூறியவருக்கே மிகுதியான செல்வாக்குக் கிடைத்துவிடும் என்பது அவர் கருத்து. ஆயினும், அந்தப் போட்டியில் சராசரியும் 1,197 பவுண்டு என உண்மைக்கு மிக அருகில்தான் இருந்தது. பிழைகள் இருபுறமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தால், சராசரியும் நன்றாகவே பயன்படும். ஒரு புறம் மட்டும் பெரும்பிழை நேரும்போதே அது தடம் மாறுகிறது.

இடைநிலை அளவிற்கும் எல்லை உண்டு. தவறான எண்கள் பாதிக்கும் குறைவாக இருக்கும் வரையில்தான் அது காப்பாற்றும். ஒரே வீட்டை மூன்று தரகர்கள் தனித்தனியே விளம்பரம் செய்திருந்தால், அதனை ஒருமுறை மட்டுமே கணக்கிட வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீடுகளையும் மூன்று படுக்கையறை வீடுகளையும் ஒரே பட்டியலில் கலந்தால், நடுவில் வரும் எண் எந்த வீட்டின் வாடகையையும் காட்டாமல் போகலாம். ஒத்தவற்றையே ஒப்பிடுதல் வேண்டும்.

சராசரி, இடைநிலை அளவு ஆகிய இரண்டையும் கண்டு அருகருகே எழுதிப் பார்ப்பது நல்ல வழி. இரண்டும் நெருங்கியிருந்தால் பெரிதும் கவலையில்லை. வெகுதொலைவில் இருந்தால், விலகி நிற்கும் எண் எது என்று தேட வேண்டும். அதனை உடனே அடித்துவிடலாகாது. தந்தை செய்ததைப் போல, காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

அன்று மாலை தந்தை பணம் கொடுக்கவில்லை. திருத்திய பட்டியலை நோக்கியபோது, தரகர் கேட்ட 45,000 ரூபாய் அதிலுள்ள எல்லா வாடகையையும்விட மிகுதி என்பது தெளிவாயிற்று. 30,000 ரூபாய் வீட்டைவிட மாதத்திற்கு 15,000 ரூபாய் கூடுதல். பதினொரு மாத ஒப்பந்தக் காலத்தில் அது 1,65,000 ரூபாய். "நாளை அந்த 30,000 ரூபாய் வீட்டை முதலில் பார்ப்போம் அம்மா" என்றார் தந்தை.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
ஊகம் – உத்தேசமாகக் கூறுவது
செல்வாக்கு – பிறவற்றை மாற்றும் வலிமை
ஒத்தவை – ஒரே வகையானவை

பயிற்சி

1. தந்தை கண்ட சராசரி அவரை எவ்வாறு தவறான முடிவிற்கு இட்டுச் சென்றது?

2. வீட்டிற்கு வண்ணம் பூச ஐவர் கேட்ட தொகை: 21,000, 18,000, 2,00,000, 20,000, 19,000. சராசரியையும் இடைநிலை அளவையும் காண்க. எந்த எண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும்? ஏன்?

3. 'ஒத்தவற்றையே ஒப்பிடுதல் வேண்டும்' – உம் சொந்த எடுத்துக்காட்டு ஒன்றால் ஐந்து வரிகளில் விளக்குக.

4. பிரித்து எழுதுக: ஐயத்திற்குரியது, பெரும்பிழை, வாடகையையும்விட.