வளரும் அணியும் பகிர்ந்தளிக்கப்படும் செலவும்

அணியின் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில் அமர்வன. எனவே, எட்டு இடங்கள் கொண்ட ஓர் அணி நிரம்பியபின் ஒன்பதாம் உறுப்பை அதன் அருகிலேயே வைத்துவிட இயலாது. அடுத்துள்ள இடம் வேறொரு தரவுக்கு உரியதாக இருக்கலாம். பெரிய இடம் ஒன்றைப் புதிதாகப் பெற்று, பழைய எட்டு உறுப்புகளையும் அங்கே படியெடுத்த பின்னரே ஒன்பதாவதை எழுத வேண்டும். அப்புதிய இடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதே நாம் ஆராயவிருக்கும் வினா.

பத்து இடங்களுடன் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் மேலும் பத்து இடங்களைக் கூட்டுவதாகக் கொள்வோம். சிக்கனமாகத் தோன்றும் இம்முறையில், ஆயிரம் உறுப்புகளைச் சேர்ப்பதற்குள் முதலில் 10, பின்பு 20, 30 எனத் தொடர்ந்து இறுதியில் 990 உறுப்புகளைப் படியெடுக்க நேர்கிறது. இவற்றின் கூட்டுத்தொகை 49,500. மாறாக, ஓர் இடத்துடன் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொள்ளளவை இருமடங்காக்கினால் படியெடுப்பு 1, 2, 4 என வளர்ந்து 512இல் முடிகிறது. மொத்தம் 1,023 மட்டுமே.

இச்சிக்கனம் எவ்வாறு வந்தது? ஓர் எழுத்துக்கோ ஒரு படியெடுப்புக்கோ ஒரு நாணயம் செலவு என்க. சேரும் ஒவ்வோர் உறுப்பிடமும் மூன்று நாணயங்கள் பெறுவோம். ஒன்று அதனை எழுதுவதற்குச் செலவாகும். இரண்டு சேமிப்பில் இருக்கும். கொள்ளளவு எட்டிலிருந்து பதினாறாக உயர்ந்த பின், பழைய எட்டு உறுப்புகளிடம் சேமிப்பு ஏதுமில்லை எனினும், புதிதாக வரும் எட்டு உறுப்புகள் பதினாறு நாணயங்களைச் சேர்த்துவிடும். அணி மீண்டும் நிரம்பும்போது படியெடுக்க வேண்டியவையும் பதினாறே. எந்த நிலையிலும் கடன் ஏற்படுவதில்லை. ஆகவே, n உறுப்புகளைச் சேர்க்கும் மொத்தச் செலவு 3n-ஐ மிகாது. ஒரு சேர்த்தலின் சராசரிச் செலவு ஒரு மாறிலி, அதாவது O(1).

இவ்வாறு தொடர்செயல்களின் மொத்தச் செலவைப் பகிர்ந்து கணக்கிடும் முறையை 1985இல் ராபர்ட் டார்ஜன் தம் கட்டுரையில் முறைப்படுத்தினார். ‘சராசரி’ என்னும் சொல்லைக் கண்டு இதனை நிகழ்தகவு என மாணவர் பலர் மயங்குவர். இங்கே வாய்ப்புக்கு இடமே இல்லை. எத்தகைய தரவு வந்தாலும் 3n என்னும் வரம்பு மாறாது.

ஆயினும், இவ்வுறுதி மொத்தத்திற்கே உரியது. 513ஆம் உறுப்பைச் சேர்க்கும் ஒரு செயல் மட்டும் 512 படியெடுப்புகளைக் கோரும். குறித்த நொடிக்குள் ஒவ்வொரு செயலும் முடிந்தாக வேண்டிய கருவிகளில் இத்தாமதம் ஏற்கத்தக்கதன்று. இடமும் வீணாகும்: விரிந்த உடனே அணியில் ஏறத்தாழப் பாதி காலியாகவே இருக்கும்.

உறுப்புகளை நீக்கும்போது அவ்விடத்தைத் திரும்பப் பெற விரும்பினால், பாதியளவு காலியானவுடன் அணியைச் சுருக்குதல் தவறு. பதினாறு இடங்களில் எட்டு மட்டும் எஞ்சியவுடன் கொள்ளளவை எட்டாக்கினால், அடுத்த ஒரு சேர்த்தலே மீண்டும் பதினாறாக்கும். அதன்பின் ஒரு நீக்கல் மீண்டும் எட்டாக்கும். ஒவ்வொரு செயலுக்கும் முழு அணியும் இடம்பெயரும். சேமிப்பதற்கு அவகாசமே இராது. எனவே, நான்கில் ஒரு பங்கு மட்டும் எஞ்சியிருக்கும்போதே கொள்ளளவைப் பாதியாக்குவர். அப்போது சுருங்கிய அணியிலும் பாதி இடம் காலியாக இருப்பதால், அடுத்த மாற்றத்திற்கு முன் போதிய நாணயங்கள் சேர்ந்துவிடும்.