ஒரு குறியும் ஒரு சோதனையும்

நுழையும்முன்

திறன்பேசித் திரையில் தோன்றும் அறிவிப்பில் சிறு எமோஜி ஒன்றைச் சேர்த்தால், அதனைத் தொட்டுத் திறப்போர் மிகுவரா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குச் சோதனையின் வழியே விடை காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று சொடுக்குகளின் மயக்கம்

புத்தகம் விற்கும் செயலி ஒன்று, 'புதிய நூல்கள் வந்துள்ளன' என்னும் அறிவிப்பை 200 பேருக்கு அனுப்புகிறது எனக் கொள்க. அதே தொடரின் முன் புத்தகப் படக்குறி ஒன்றைச் சேர்த்து வேறு 200 பேருக்கு அனுப்புகிறது. குறியில்லாத அறிவிப்பை எண்மர் சொடுக்கினர். குறியுள்ளதைப் பதினொருவர் சொடுக்கினர். குறி வென்றுவிட்டது என்று கூறலாமா?

கூறலாகாது. இரு குழுவினருக்கும் குறியில்லாத ஒரே அறிவிப்பை அனுப்பியிருந்தாலும் சொடுக்குகள் சமமாக அமைந்திரா. அந்த நேரத்தில் ஒருவர் பேருந்தில் இருப்பார், மற்றொருவர் உறங்கிக்கொண்டிருப்பார். இத்தகைய தற்செயல்களாலேயே இவ்வளவு சிறிய குழுக்களுக்கிடையே மூன்று நான்கு சொடுக்குகள் கூடுவதும் குறைவதும் இயல்பு. ஆகவே, இந்த மூன்று குறியின் ஆற்றலால் வந்ததா, தற்செயலால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது.

எத்தனை பேர் வேண்டும்?

குழு பெரிதாகும்போது தற்செயலின் ஆட்டம் விழுக்காட்டளவில் சுருங்குகிறது. தேவையான எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிடப் பின்வரும் தோராய வாய்பாடு பயன்படுகிறது.

n = 16 × p × (1 − p) ÷ d²

இதில் p என்பது இப்போதைய சொடுக்கு வீதம். d என்பது கண்டறிய விரும்பும் வேறுபாடு. n என்பது ஒவ்வொரு குழுவிலும் வேண்டிய ஆள்களின் எண்ணிக்கை. வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் நூற்றுக்கு எண்பது முறை அதனைக் கண்டுகொள்ளவும், இல்லாத வேறுபாட்டை உண்டென நம்பும் பிழை நூற்றுக்கு ஐந்தளவில் நிற்கவும் 16 என்னும் எண் அமைந்துள்ளது.

இப்போதைய வீதம் 4 விழுக்காடு. அது 5 விழுக்காடாக உயர்கிறதா என அறிய வேண்டும். அவ்வாறாயின், 16 × 0.04 × 0.96 ÷ 0.0001 = 6,144. அரை விழுக்காட்டு உயர்வையே கண்டறிய வேண்டுமெனில் 24,576 பேர் தேவை. தேடும் வேறுபாடு பாதியானால் ஆள்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது.

அச்செயலி குழுவுக்கு 6,200 பேரைக் கொண்டு மீண்டும் சோதிக்கிறது எனக் கொள்க. குறியில்லாத அறிவிப்புக்கு 248 சொடுக்குகளும் குறியுள்ளதற்கு 310 சொடுக்குகளும் கிடைத்தால் வேறுபாடு 62. இவ்வளவு பெரிய குழுக்களில் தற்செயலால் நேரும் வேறுபாடு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை ஏறத்தாழ 46-க்குள் அடங்கும். 62 அதனைக் கடந்துவிட்டதால், குறிக்குப் பயன் உண்டு என்பதற்கு நல்ல சான்று கிடைக்கிறது.

நடுநிலையான சோதனை

எண்ணிக்கை மிகுந்தால் மட்டும் போதாது. ஒப்பீடு நடுநிலையாகவும் இருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குறியுள்ளதையும் பழையவர்களுக்குக் குறியில்லாததையும் அனுப்பினால், வேறுபாடு குறியினாலா, புதியவரின் ஆர்வத்தினாலா என்பது விளங்காது. எனவே, யார் எக்குழு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் சமவாய்ப்பு முறையில் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். குறியைத் தவிரச் சொற்களில் மாற்றம் கூடாது.

அறிவிப்பைப் பல நாள்களாகப் பகுதி பகுதியாக அனுப்பும்போது மற்றொரு தவறு நேர்கிறது. நாள்தோறும் எண்ணிக்கையைப் பார்த்து, குறி முந்தி நிற்கும் நாளில் சோதனையை நிறுத்திவிடுகின்றனர். தற்செயல் அலைபோல் ஏறி இறங்குவது. அலை உயர்ந்த வேளையில் அளந்தால் கடல்மட்டம் விளங்காது. முன்னரே முடிவு செய்த எண்ணிக்கை நிறைந்த பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும்.

வெற்றிக்கும் எல்லை உண்டு. புதுமையால் ஈர்க்கப்பட்டவர்கள் குறி பழகியபின் அதனைக் கவனியாமல் விடலாம். சொடுக்கியவர் எல்லாரும் நூல் வாங்குவதில்லை. சிலர் சலிப்புற்று அறிவிப்புகளையே நிறுத்திவிடுவதும் உண்டு. எனவே, சொடுக்குகளோடு அறிவிப்பை நிறுத்தியோரின் எண்ணிக்கையையும் இரு குழுக்களிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

தெரிந்து தெளிவோம்

ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் தேநீர்ச் சோதனை ஒன்றை விளக்குகிறார். கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே அறிவேன் என்கிறார் ஒரு பெண்மணி. இருவகையிலும் நான்கு நான்காக எட்டுக் கோப்பைகளைச் சமவாய்ப்பு வரிசையில் அவருக்குத் தர வேண்டும். வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகக் கூறும் வாய்ப்பு எழுபதில் ஒன்றே.

கற்பவை கற்றபின்

இரு குழுக்களாகப் பிரிந்து ஒரே பகடையை முப்பது முப்பது முறை உருட்டுக. ஆறு விழுந்த எண்ணிக்கையை ஒப்பிடுக. பகடை ஒன்றேயாயினும் எண்ணிக்கை வேறுபடுவது ஏன் என்பதைக் கலந்துரையாடுக.