பதினைந்தும் ஐம்பதும்

போன சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை, செவலையின் பின் இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மடியின் அந்தப் பக்கம் இறுகி, தொட்டால் சுட்டது. மடிநோய். டாக்டருக்குப் போன் போட்டேன். சாயங்காலம்தான் வர முடியும் என்றார்.

"தீனி எடுக்குதாம்மா? காய்ச்சல் எவ்வளவு?"

தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்தேன், 102. தீனியும் எடுத்தது. அப்படியானால் அவர் வரும்வரை பூச்சு மருந்து போடலாம் என்று சொல்லத் தொடங்கினார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன். முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டினேன்: "சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 15, சுண்ணாம்பு 50..."

"மாத்திட்டீங்கம்மா! மஞ்சள்தான் 50, சுண்ணாம்பு 15." வாசித்துக் காட்டாமல் இருந்திருந்தால், வீங்கிய மடியில் மூன்று பங்குக்கு மேல் சுண்ணாம்பைப் பூசி வெந்துபோக விட்டிருப்பேன். அன்றிலிருந்து மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் நான் போனை வைப்பதில்லை.

அந்த அளவு ஒரு நாளைக்கு. மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுதாகும். ஒரு கைப்பிடி விழுதில் 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து, மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழம் வெட்டி, மூன்று நாள் தின்னக் கொடுக்க வேண்டும்.

'பத்து முறை' என்பதுதான் கைக்கு வராத சொல். முதல் நாள் மதியத்துக்குள் இரண்டு தடவை விட்டுப்போனது. அதனால் மறுநாள் மணியாகவே எழுதினேன்: காலை 6 மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், இரவு 7.30க்குப் பத்தாவது. ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரில் என் பெயரோ, மகன் பெயரோ, மாமியார் பெயரோ இருந்தது. பூசியவர் ஒரு கோடு போட வேண்டும்.

தாளின் அடியில் இன்னும் இரண்டு எழுதியிருந்தேன். பூசும் முன் அந்தக் காம்பைத் தனிப் பாத்திரத்தில் கறந்து குழியில் ஊற்ற வேண்டும், தரையில் பீய்ச்சக் கூடாது. நல்ல காம்புகளை முதலில் கறந்து, இதைக் கடைசியில் தொட்டு, கை கழுவ வேண்டும். அடுத்தது, காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்: தீனியை விடுதல், காய்ச்சல் ஏறுதல், மடி சில்லிட்டு நீலம் பாரித்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் பூச்சை நம்பி உட்காராமல் உடனே டாக்டர், இல்லாவிட்டால் 1962க்கு அழைப்பு.

சாயங்காலம் வந்த டாக்டர் மடியைப் பார்த்து ஊசியும் போட்டார். பாலை எத்தனை நாள் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டேன். தினமும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் திரி குறைந்தது. ஐந்தாம் நாள் துணியில் ஒன்றும் நிற்கவில்லை, மடியும் இளகியிருந்தது.