"மயக்கமா இருக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள்

தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்குப் போய் டொக்டரைப் பார்த்துத் திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். வட்ஸ்அப்பில் விஷயத்தை எழுதி அனுப்பி, பிறகு போனில் ஆலோசனை கேட்டால் அந்த அலைச்சல் மிச்சமாகும். ஆனால் போனில் டொக்டரால் நாடி பிடித்துப் பார்க்க முடியாது. நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் அவர் யோசிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். கொழுந்து பறிக்கும் 48 வயது அம்மாவுக்காக மகள் இப்படி எழுதுகிறாள்: "டொக்டர், அம்மாவுக்கு ரெண்டு நாளா மயக்கமா இருக்கு. சீனியும் பிரஷரும் இருக்கு. என்ன மருந்து குடுக்கலாம்?"

சிக்கல் 'மயக்கம்' என்ற சொல்லில் இருக்கிறது. சுற்றியுள்ளதெல்லாம் சுழல்வது போலிருந்தாலும் மயக்கம். கண் இருட்டி விழப்போவது போலிருந்தாலும் மயக்கம். நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். படுக்கையில் புரளும்போது சுழன்றால் டொக்டர் காதுக் கோளாறை நினைப்பார். குந்தியிருந்து எழும்போது கண் இருட்டினால் பிரஷர் இறங்குகிறதா என்று பார்ப்பார். பசி நேரத்தில் கை நடுங்கி வியர்த்தால் சீனி குறைந்துவிட்டதோ என்று சந்தேகிப்பார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் நோயின் பெயரை நீங்கள் தேட வேண்டாம். உடம்பில் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

அதற்கு அம்மாவிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். எத்தனை மணிக்கு வந்தது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதற்கு முன் எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்? எதைச் செய்ததும் சரியானது? அடுத்து, மாத்திரை விவரம். அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை சிறு உறையில் உதிரியாக வருவதால், "வெள்ளை மாத்திரை" என்றால் டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. கிளினிக் கொப்பியைப் பார்த்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் படமெடுத்தும் அனுப்புங்கள்.

இப்போது அதே செய்தி:

"பெண், 48 வயது. சீனி, பிரஷர் உள்ளவர். நேற்றும் இன்றும் மலையில் நின்று கொழுந்து பறிக்கும்போது காலை 10.30 அளவில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியது. விழவில்லை, நினைவு தப்பவில்லை. சுற்றுவது போல இல்லை. காலை 6 மணிக்கு மாத்திரை போட்டு, பிளேன்டீ மட்டும் குடித்தார். இனிப்புத் தேத்தண்ணி குடித்துக் கால் மணி நேரத்தில் சரியானது. மாத்திரை: கிளிக்லசைட் 80, மெட்ஃபோமின் 500, லொசார்ட்டன் 50. கொப்பிப் படம் இத்துடன். கேள்வி: நாளைக் காலை மாத்திரையைப் போடலாமா?"

இதைப் படித்ததும் டொக்டரின் கண் இரண்டு இடத்தில் நிற்கும்: வெறும் தேத்தண்ணியோடு கிளிக்லசைட், இனிப்புக் குடித்ததும் குணம். கிளிக்லசைட் உடம்பை இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரை. சாப்பாட்டோடு போட வேண்டியதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலையேறினால் சீனி கீழே இறங்கும். முதல் செய்தியில் இந்தத் தடயம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அளவை மாற்றுவது டொக்டரின் வேலை. நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். வீட்டில் சீனி பார்க்கும் மெஷின் இருந்தால், நடுக்கம் வந்த நேரத்தில் காட்டிய எண்ணையும் எழுதுங்கள். 70க்குக் கீழே என்றால் குறைவு.

டொக்டர் தமிழ் வாசிக்காதவர் என்றால், சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். நேரமும் மில்லிகிராமும் எந்த மொழியிலும் ஒன்றுதான். அவற்றை இலக்கத்தில் எழுதுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சை அழுத்தி வியர்த்தால், கூப்பிட்டும் கண் திறக்காவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "வாயுவாகத்தான் இருக்கும்" என்று காத்திருக்க வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் சீனித்தண்ணி ஊற்றவும் கூடாது. அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

அனுப்புவதற்கு முன் செய்தியை அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். "ஆறு மணிக்கு இல்ல புள்ள, பெரட்டுக்குப் போற அவசரத்துல அஞ்சரைக்கே போட்டுட்டேன்" என்று அவர் திருத்தக்கூடும். அந்த அரை மணி நேரத்தையும் திருத்தி எழுதிவிட்டு அனுப்புங்கள். டொக்டர் பேசும்போது அம்மாவும் கிளினிக் கொப்பியும் போனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.