பிரசவ தேதி தெரியாது, லீவு எப்படிக் கேட்பது?

தாய் சேய் அட்டையில் ஒரு தேதி எழுதியிருக்கும். எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள். வீட்டில் எல்லாரும் 'ட்யூ டேட்' என்பார்கள். அப்பா ஆகப்போகிறவர் பெரும்பாலும் அந்தத் தேதியை அப்படியே லீவு விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை எண்ணிச் சொல்லும் கணக்கு அது. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. அதற்கு மூன்று வாரம் முன்பும் பிறக்கலாம், இரண்டு வாரம் பின்பும் பிறக்கலாம். இரண்டுமே இயல்பான பிரசவம்தான்.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தென்காசி மாவட்டம் கடையத்தில் பணியாற்றிய காவல் ஆய்வாளர் ஒருவர், செயற்கைக் கருத்தரிப்பு மூலம் கருவுற்ற மனைவியின் பிரசவத்துக்காக 2023 மே 1 முதல் 90 நாள் விடுப்பு கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். அவர் உயர் நீதிமன்றம் போன பிறகு 30 நாள் கிடைத்தது. அந்த 30 நாள் முடிகிற நேரத்தில்தான், மே 31-ல், குழந்தை பிறந்தது. நீட்டிப்பு கேட்டார், கிடைக்கவில்லை. பணிக்குத் திரும்பாததால் 'பணியை விட்டு ஓடியவர்' என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி எல்.விக்டோரியா கௌரி ஆகஸ்டில் ரத்து செய்தார். தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் தீர்ப்பில் சொன்னார்.

உங்க லீவு எந்த விதியின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்க. தூத்துக்குடியில் ஒரே சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் விதி வேறு வேறு. சுங்கத்துறை போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு மத்திய குடிமைப் பணி விடுப்பு விதிகள், 1972 பொருந்தும். வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தின் நிரந்தர ஊழியர்கள் துறைமுகத்தின் சொந்த விடுப்பு ஒழுங்குமுறையைப் பார்க்க வேண்டும். தனியார் கிடங்கு, சரக்கு முகமை, உப்பளம், மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணி என்றால் தந்தைமை விடுப்பு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சட்டப்படியான மகப்பேறு பயன் தாய்க்கு மட்டுமே. அங்கே நிறுவனத்தின் கொள்கையும் மேலாளரின் மனசும்தான்.

மத்திய விதி 43-அ சொல்வது இது. உயிருடன் இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உள்ள ஆண் ஊழியருக்கு, முழுச் சம்பளத்துடன் 15 நாள். பிரசவத்துக்கு 15 நாள் முன்பிலிருந்து, குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்க விடுப்புக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும். சாதாரணமாக இதை மறுக்கக் கூடாது என்றும் விதியிலேயே இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்க: 15 நாள் என்பது ஞாயிறும் விடுமுறையும் நடுவில் சேர்ந்த 15 நாள்.

ஆறு மாதம் என்ற அந்த இடம்தான் உங்களுக்குச் சாதகம். குழந்தை வருமுன் அவசரப்பட்டு நாட்களைச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒருவர் துறைமுகத்தையொட்டிய சுங்கத்துறை அலுவலகத்தில் எழுத்தர். தலைப்பிரசவம் என்பதால் மனைவி மணப்பாட்டில் தாய் வீட்டில் இருக்கிறார். பார்ப்பது திருச்செந்தூர் அரசு மருத்துவமனையில். ட்யூ டேட் மார்ச் 20. இவர் மார்ச் 16 முதல் 30 வரை என்று எழுதிக் கொடுத்தால், ஏப்ரல் 1-ல் குழந்தை பிறக்கும்போது 15 நாளும் முடிந்திருக்கும். கடையத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆகவே தேதியைக் கேட்காமல் நிகழ்வைக் கேட்க வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே, கண்காணிப்பாளருக்கு இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, என் மனைவிக்கு மார்ச் 20 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. தாய் சேய் அட்டையின் நகல் இணைத்துள்ளேன். பிப்ரவரி 27 முதல் ஏப்ரல் 3 வரை எந்த நாளிலும் பிரசவம் நிகழலாம் என்பதால், மருத்துவமனையில் சேர்க்கும் நாளிலிருந்து 15 நாள் தந்தைமை விடுப்பு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்த்த அன்றே தங்களுக்குச் செய்தி அனுப்புவேன். இந்த ஐந்து வாரமும் என் கோப்புகளின் நிலையை வாரந்தோறும் குறித்து வைப்பேன். உடன் பணிபுரிபவர் கவனித்துக்கொள்ளச் சம்மதித்துள்ளார்."

கடைசி வரியைச் சும்மா சேர்க்கவில்லை. மேலாளருக்கு 15 நாள் பெரிய கவலை இல்லை. எந்த 15 நாள் என்று தெரியாததுதான் கவலை. ஐந்து வாரத்துக்கும் மாற்று ஆள் பெயர் தெரிந்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

ஆன்லைனில் விண்ணப்பிக்கும் அலுவலகமா? அங்கே 'முதல்', 'வரை' என்று இரண்டு கட்டம் மட்டும் இருக்கும். ட்யூ டேட்டிலிருந்து 15 நாளைப் போட்டு, மேலே உள்ள கடிதத்தைப் படமாக்கி இணையுங்க. குறிப்புப் பகுதியில் 'உத்தேச தேதி, பிரசவ நாளுக்கு ஏற்ப மாறும்' என்று எழுதுங்க. தேதி வந்தும் வலி வராவிட்டால் முந்தின நாளே அந்த விண்ணப்பத்தைத் திருத்துங்க, வேலைக்குப் போங்க. இதை மறந்து வீட்டில் உட்கார்ந்தால் அந்த நாட்கள் விடுப்பில் கழிந்துவிடும்.

அடுத்த தடுமாற்றம் சூட்டு வலி. இரவு இரண்டு மணிக்குப் போன் வரும், ஓடுவீங்க, 'இது பொய் வலி, வீட்டுக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த ஒரு நாளுக்குத் தற்செயல் விடுப்பு போதும். மறுநாள் பணிக்கு வந்துவிட வேண்டும். தற்செயல் விடுப்பை வேறெந்த விடுப்போடும் ஒட்ட முடியாது என்பது பலருக்குத் தெரியாது. திங்கள் தற்செயல் விடுப்பு, செவ்வாயிலிருந்து தந்தைமை விடுப்பு என்று போட்டால் திருப்பி அனுப்புவார்கள். ஈட்டிய விடுப்பை ஒட்டலாம். நம்ம எழுத்தருக்கு மார்ச் 11-ல் குழந்தை பிறந்தால் 25 வரை தந்தைமை விடுப்பு. குழந்தையை இன்குபேட்டரில் வைத்திருந்தால் 26 முதல் ஈட்டிய விடுப்பைத் தொடரலாம். அதையும் 25-க்கு முன்பே எழுதிக் கேட்டு, அனுமதி கையில் வந்த பிறகே இருக்க வேண்டும்.

மாநில அரசு ஊழியர் என்றால், உங்க துறையின் விடுப்பு விதியில் தந்தைமை விடுப்பு என்று தனியாக இல்லாவிட்டால் ஈட்டிய விடுப்பில் இதே மாதிரி கேளுங்க. கடிதத்தில் 'தந்தைமை விடுப்பு' என்ற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். 15 நாள் கேட்டு, 'பிரசவம் தள்ளிப்போனால் விடுப்பும் தள்ளிப்போகும்' என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்க.

குழந்தை பிறந்ததும் மருத்துவமனையில் பிறந்த நாளும் நேரமும் உள்ள சீட்டை வாங்கிப் போன் கேமராவில் படமெடுத்து அன்றே அலுவலகத்துக்கு அனுப்புங்க. பிறப்புச் சான்றிதழ் பின்னால் வந்தால் போதும். ஆனால் பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தாயின் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கேட்பார்கள். கர்ப்ப காலத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தபோது கிடைத்த எண் அது. தாய் சேய் அட்டையிலேயே இருக்கும். அந்தப் பக்கத்தையும் இப்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. அட்டை மணப்பாட்டில் இருக்கும், நீங்க தூத்துக்குடியில் இருப்பீங்க.