கூட்டுத்தொழில் கேட்டு ஒரு மின்னஞ்சல்

கோமாரியில் எருமைத் தயிர் போடும் ஒரு குடும்பம், அறுகம்பையிலுள்ள சிறு விடுதியொன்றுடன் சேர்ந்து தொழில் செய்ய விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அலைச்சறுக்கலுக்கு வெளிநாட்டவர் கூடும் மே முதல் செப்டெம்பர் வரையான காலமே அதற்கு ஏற்றது. மின்னஞ்சல் இப்படி அமையலாம்:

விடயம்: காலையுணவுக்குத் தயிர் – 14 நாள் பரீட்சார்த்தம்

மதிப்புக்குரிய ஐயா,
உங்கள் விருந்தினருக்குக் காலையில் நம்மூர்த் தயிரும் பாணியும் கொடுக்கலாம். தயிர் தினமும் 6.30க்கு உங்கள் வாசலுக்கு வரும். எங்களுக்கு நிலையான விற்பனை கிடைக்கும். முதலில் இந்தச் சனிக்கிழமை 2 சட்டிகள் இலவசமாகத் தருகிறோம். பிடித்தால், 14 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5 சட்டிகள். திறக்காத சட்டியில் தினமும் ஒன்றைத் திருப்பி எடுப்போம். 15ஆம் நாள் கணக்குப் பார்த்துத் தொடர்வதா, நிறுத்துவதா என முடிவெடுப்போம்.

விடுதியின் நன்மை முதலில் வருவதைக் கவனியுங்கள். தன் நன்மையையே முதலில் சொல்லும் கடிதம், உதவி கேட்பதுபோலாகிவிடும். தன் நன்மையை மறைத்தாலோ, ‘இவர்களுக்கு இதில் என்ன இலாபம்?’ என்ற சந்தேகம் எழும்.

பரீட்சார்த்தத்தில் நட்டம் மறைவதில்லை. விடுதியின் தோளிலிருந்து குடும்பத்தின் தோளுக்கு மாறுகிறது. அதனால்தான் அந்த எல்லை. ‘மிஞ்சுவதையெல்லாம் எடுப்போம்’ என்று எழுதினால் 70 சட்டிகளும் திரும்பக்கூடும். ‘தினமும் ஒன்று’ என்றால் 14க்கு மேல் திரும்பாது. அந்த 14 சட்டிகளின் விலையைத் தாங்க முடியுமா என்று பார்த்த பின்பே மின்னஞ்சலை அனுப்ப வேண்டும். தாங்க முடியாவிட்டால் நாட்களைக் குறைக்கலாம்.