மாதம் ஒருமுறை துறை மாற்றம்: ரொக்கத்துக்கு எப்போது போவது?

பர்சா மலேசியாவில் தோட்டத்துறை, நிதி, தொழில்நுட்பம் என்று துறைவாரிக் குறியீடுகள் உண்டு. ஆனால் துறைக்கொரு நிதி என்று வரிசையாக வாங்க முடியாது. அதனால் பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருந்து மாதாமாதம் துறை மாற்றும் முறையைச் செய்கிறவர், அமெரிக்காவின் 11 துறை இ.டி.எஃப்.களுக்குத்தான் போக வேண்டியிருக்கும். தொழில்நுட்பத்துக்கு XLK, எரிசக்திக்கு XLE, மின்சாரம் போன்ற சேவைகளுக்கு XLU.

மாதத்தின் கடைசி வர்த்தக நாள் நியூயார்க்கில் முடியும்போது நமக்கு மறுநாள் விடியற்காலை 4 அல்லது 5 மணி. காலையில் கணக்குப் பாருங்கள். அன்றிரவு (வாரயிறுதியானால் திங்களிரவு) 9.30க்கோ 10.30க்கோ சந்தை திறந்து, விலை கொஞ்சம் அடங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு நிதிக்கும் ஈவுத்தொகை சேர்த்துத் திருத்திய மாத இறுதி விலைகளை, பழையது முதலில் வரும்படி, B2 முதல் B8 வரை எழுதுங்கள். ஆறு மாத ஏற்றம்:

```
=B8/B2-1
```

பதினொன்றையும் இறங்கு வரிசையில் அடுக்கி, முதல் மூன்றைச் சமமாக வாங்குங்கள். அடுத்த மாதம் நான்காம், ஐந்தாம் இடத்துக்கு இறங்கியதற்காக எதையும் விற்க வேண்டாம். ஆறாம் இடத்துக்குப் போனால் மாற்றுங்கள். கட்டணத்துக்காகத்தான் இந்தத் தளர்வு. ஒரு ஆர்டருக்கு 3 டாலர் என்று வைத்தால், இரண்டு நிதிகளை மாற்ற நான்கு ஆர்டர், 12 டாலர். முதலீடு 3,000 டாலரானால் மாதம் 0.4 சதவீதம், மாதாமாதம் மாற்றினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம் கரைந்துவிடும்.

இனி ரொக்க விதி. எஸ் அண்ட் பி 500 மாத இறுதியில் தன் பத்து மாத சராசரிக்குக் கீழே இருந்தால் எல்லாவற்றையும் விற்றுவிடுவது வழக்கமான வடிவம். 2022இல் அது எப்படி நடந்தது? பிப்ரவரி இறுதியில் குறியீடு 4,374, சராசரி 4,455: வெளியே. மார்ச் இறுதியில் 4,530, சராசரி 4,488: உள்ளே, அதுவும் விற்றதைவிட மூன்றரை சதவீதம் கூடுதல் விலையில். ஏப்ரலில் குறியீடு 4,132க்குச் சரிய, மறுபடி வெளியே. இரண்டு மாதம் அலைக்கழித்த பிறகுதான் விதி வேலை செய்தது; செப்டம்பர் இறுதியில் குறியீடு 3,586 வரை இறங்கியது.

ஆனால் அதே ஆண்டில் XLE ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. சந்தை முழுவதையும் பார்க்கும் விதி அதையும் சேர்த்து விற்கச் சொல்லும். அதனால் ஒவ்வொரு துறையையும் அதன் சொந்தப் பத்து மாத சராசரியோடு ஒப்பிடுவதே எனக்குப் பிடித்தது: தேர்வான மூன்றில் எது கீழே இருக்கிறதோ, அந்தப் பங்கு மட்டும் ரொக்கம். இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2022 ஜூனில் எரிசக்தியே பலமாகச் சரிந்தது. மாதம் ஒருமுறை பார்க்கிறவருக்கு அது மாத முடிவில்தான் தெரியும்.

ரொக்கத்தை டாலரிலேயே, BIL போன்ற குறுகிய காலக் கருவூல நிதியில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் ரிங்கிட்டுக்கு மாற்றினால் மாற்று வித்தியாசத்திலேயே பணம் போகும். ஆனால் டாலர் ரொக்கம் ரிங்கிட்டில் பாதுகாப்பானதல்ல: 2024 பிப்ரவரியில் டாலருக்கு 4.80 ரிங்கிட் வரை கிடைத்தது. செப்டம்பர் இறுதியில் 4.12 தான். கையில் டாலரோடு சும்மா இருந்தவருக்கும் சுமார் 14 சதவீதம் நட்டம். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போட வேண்டாம். ஈவுத்தொகையில் 30 சதவீதத்தை அமெரிக்கா பிடித்துக்கொள்வதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.